IFERROR போடாதீங்க மக்கா! (ஒரு ரிங்கிட், மூணு கணக்கு)

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால தள்ளித் தள்ளிப் போச்சு. போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி "மாப்ள, ஷீட்ல டாலர் ரேட் போட்டிருந்தேன், #N/A-ன்னு வருது, என்னடா பண்றது"ன்னு கேட்டார். நான் வாயத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்த இன்னொருத்தர் "அதுக்கு முன்னாடி ஒரு IFERROR போட்டு, வராட்டி இந்த நம்பரைக் காட்டுன்னு சொல்லிடுப்பா, முடிஞ்சுது"ன்னார். அந்த "முடிஞ்சுது" தான் எனக்கு ஆகல. இந்த யோசனைய சொல்லாத ஆள் இல்ல. கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தறவர் சொல்றார், ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொல்றான், நம்ம சக பதிவர்கள் ரெண்டு மூணு பேரும் எழுதிட்டாங்க. எல்லாரும் நல்லவங்க தான். ஆனா சொல்றது தப்பு. ஏன் தப்புன்னு எங்க வீட்டுக் கதைய வச்சே சொல்றேன்.

எங்க பெரியம்மா வீடு சிதம்பரத்துல. பழைய ஓட்டு வீட்டை இடிச்சிட்டு 2024 ஆரம்பத்துல மாடி வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. பெரியம்மாவுக்கு ரெண்டு பசங்க. பெரிய அண்ணன் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கார், அங்கேயே வேலை. சின்ன அண்ணன் கோலாலம்பூர்ல. செலவுல ஆளுக்குப் பாதின்னு பேச்சு. பெரியவர் கொடுக்கறது ரூபா, மணல், கம்பி, கொத்தனார் கூலின்னு அப்பப்போ கையில கொடுத்து நோட்டுல எழுதி வச்சார். சின்னவர் அனுப்பறது ரிங்கிட். மாசம் 4,000 ரிங்கிட், சம்பளம் வந்ததும் முதல் வாரத்துலயே அனுப்பிடுவார், அது ரூபாயா மாறி பெரியம்மாவோட பேங்க் கணக்குல விழும்.

கணக்கு வைக்க ஒரு ஷீட் போட்டுக் குடுடா தம்பின்னு கேட்டாங்க. வீட்டுல ஒரு இன்ஜினியர் இருந்தா இது தான் பிரச்சனை, ஃபேன் ஓடலைன்னாலும் நாம தான், ஷீட் வேணும்னாலும் நாம தான். பத்து நிமிஷத்துல போட்டேன். F1-ல ரேட்:

```
=GOOGLEFINANCE("CURRENCY:MYRINR")
```

கீழ ஒவ்வொரு வரியிலும் தேதி, எத்தனை ரிங்கிட், அதை F1-ஆல பெருக்கி ரூபா. கடைசியில கூட்டுத்தொகை. ஆன்லைன் ஷீட், ரேட் தானா வரும், கெத்தா இருக்கும்னு நெனச்சேன். IFERROR எதுவும் நான் போடல, இத ஞாபகம் வச்சுக்கோங்க.

செப்டம்பர் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை. கடலூர்ல இருந்து பெரிய அண்ணன் பஸ் ஏறி சிதம்பரம் வந்தார், நானும் லீவுக்கு வந்திருந்தேன், சின்னவர் வாட்ஸப் வீடியோவுல. கணக்குப் பாத்துடலாம்னு உக்காந்தோம். பெரியவர் நோட்டுப்படி அவர் கொடுத்தது 4,35,000 ரூபா. சின்னவர் அனுப்பினது ஆறு மாசம், மாசம் 4,000, ஆக 24,000 ரிங்கிட். இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

சின்னவர் அங்க இருந்து ஷீட்டைத் திறந்து "என் கணக்கு 4,85,117 ரூபா. நான் 50,117 ரூபா கூடக் கொடுத்திருக்கேன்"ங்கறார். பெரியவர் தன் போன்ல இருக்கற ஷீட்டைத் திறந்து "என்னடா சொல்ற, இதுல 4,22,002 தான் காட்டுது. நீ எனக்கு 12,998 குறைச்சலா கொடுத்திருக்க"ங்கறார். ரெண்டும் ஒரே ஷீட். ரெண்டும் நான் போட்டது. வித்தியாசம் 63,115 ரூபா.

ஒரு வீட்டுல அண்ணன் தம்பி கணக்குல அறுபத்து மூணாயிரம் இடிச்சா என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்ல. "அங்க உக்காந்துகிட்டு நம்பர மாத்தறியா"ன்னு ஒருத்தர், "என் காசு, என் வேர்வை, அதையும் குறைச்சுக் காட்டறியா"ன்னு இன்னொருத்தர். வீடியோ கட்டாயிடுச்சு. பெரியம்மா காப்பி டம்ளரை எடுத்துகிட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டு பேரும் கடைசியில திட்டினது என்னைத்தான், அது வேற விஷயம்.

சரி, எந்த நம்பர் சரி? பதில் அப்புறம். முதல்ல ரெண்டும் எப்படி வந்துதுன்னு பாப்போம்.

பெரியவர் போனை வாங்கிப் பாத்தேன். அவர் வச்சிருந்தது ஆன்லைன் ஷீட்டே இல்ல. ஏப்ரல் மாசமே அதை எக்செல் ஃபைலா டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டு, தம்பி பணம் அனுப்பினேன்னு சொல்றப்ப எல்லாம் அதுலயே ஒரு வரி சேத்துகிட்டு வந்திருக்கார். அவர் மேல தப்பு இல்ல, சிதம்பரம் சைட்டுல நெட்டு கிடைக்காம ஷீட் திறக்கலைன்னு அப்படிப் பண்ணியிருக்கார். அந்த ஃபைல்ல F1-ஐ தொட்டுப் பாத்தேன். தூக்கி வாரிப் போட்டுச்சு:

```
=IFERROR(__xludf.DUMMYFUNCTION("GOOGLEFINANCE(""CURRENCY:MYRINR"")"),17.5834)
```

நான் போடாத IFERROR! யார் போட்டது? டவுன்லோட் பண்ணும்போது ஷீட்டே போட்டுக்குது. GOOGLEFINANCE-ங்கற ஃபங்ஷன் எக்செல்லுக்குத் தெரியாது. அதனால மாத்திக் கொடுக்கறப்போ, அந்த இடத்துல DUMMYFUNCTION-னு இல்லாத ஒரு பேரைப் போட்டு, "இது எப்படியும் எர்ரர் ஆகும், ஆனா கவலைப்படாதே, அப்ப இந்த நம்பரைக் காட்டு"ன்னு அந்த நிமிஷத்து ரேட்டை அதுலயே பதிச்சு அனுப்புது. 17.5834 ஏப்ரல் முதல் வாரத்து ரேட். எக்செல் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடும், ஒவ்வொரு தடவையும் எர்ரர் ஆகும், ஒவ்வொரு தடவையும் 17.5834 காட்டும். அடுத்த வருஷம் திறந்தாலும் அதே தான். எந்தச் செவப்பு முக்கோணமும் வராது.

ஆறு மாசமா ஒரு எர்ரர் அந்த செல்லுக்குள்ள கத்திகிட்டே இருந்திருக்கு, IFERROR அதோட வாயப் பொத்திகிட்டு இருந்திருக்கு. அந்த ஆறு மாசத்துல ரிங்கிட் சும்மா இருக்கல. 2024 ஏப்ரல்ல ஒரு டாலருக்கு 4.75 ரிங்கிட் பக்கம் இருந்தது, செப்டம்பர் கடைசியில 4.12 பக்கம் வந்துடுச்சு. ரூபா பெருசா நகரல. அதனால ஒரு ரிங்கிட் பதினேழரை ரூபாயில இருந்து இருபதைத் தாண்டிடுச்சு. பெரியவர் ஃபைலுக்கு இது எதுவுமே தெரியாது.

இப்ப சொல்லுங்க, "எர்ரர் வந்தா ஒரு நம்பரைப் போட்டு மறைச்சுடு"ங்கற யோசனை இதுல இருந்து எப்படி வித்தியாசம்? ஒண்ணும் இல்ல. மெஷின் தெரியாம பண்ணினதை நாம தெரிஞ்சே பண்றோம்.

"அவசரத்துக்கு ஒரு நம்பர் வேணும்ல, #N/A-வை வச்சு என்ன பண்றது"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி தான். #N/A வந்தா என்ன பண்ணுவீங்க? எரிச்சலாகி, வேற எங்கயாவது ரேட் பாத்து, கையால போடுவீங்க. அதாவது ரேட் எங்க இருந்து வந்துதுன்னு உங்களுக்குத் தெரியும். 17.58 வந்தா? ஒண்ணும் பண்ண மாட்டீங்க. எந்தப் பழைய ரேட்டும் பாக்க ரேட் மாதிரி தான் இருக்கும், அது தான் அதோட விஷம். எர்ரர் ஒரு நிமிஷம் உங்க வேலையக் கெடுக்கும். பழைய நம்பர் அண்ணன் தம்பியக் கெடுக்கும்.

அந்த #N/A-லயும் ஒரு விஷயம் இருக்கு. அது மேல மவுஸை வச்சா ஏன்னு ஒரு வரி வரும். பெரும்பாலும் இப்படி:

```
When evaluating GOOGLEFINANCE, the query for the symbol:
'CURRENCY:MYRINR' returned no data.
```

இதுல பாக்க வேண்டியது அந்த மேற்கோளுக்குள்ள இருக்கற பேரு. MYRINR-க்குப் பதிலா MRYINR-னு அடிச்சிருந்தா அங்கயே தெரியும். பேர் சரியா இருந்தா, நீங்க கேட்ட தேதிக்கு அதுகிட்ட ரேட் இல்லைன்னு அர்த்தம். இல்ல அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பதில் தரல, கொஞ்ச நேரம் கழிச்சு வந்துடும். மூணுல எதுன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாம். IFERROR போட்டீங்கன்னா மூணும் ஒண்ணாத்தான் தெரியும். எழுத்துப் பிழை கூட அழகான நம்பரா மாறி நிக்கும்.

சரி, இப்ப சின்னவரோட ஆன்லைன் ஷீட்டுக்கு வருவோம். அதுல எர்ரரும் இல்ல, பழசும் இல்ல, அன்னிக்கு ரேட் 20.2132-ன்னு சரியாவே வந்திருந்தது. அப்புறம் ஏன் தப்பு? இங்க குத்தவாளி நான் தான். ஒரே ஒரு F1. ஏப்ரல்ல அனுப்பின 4,000 ரிங்கிட்டையும் செப்டம்பர் கடைசி ரேட்டால பெருக்கிட்டிருந்தேன். ஏப்ரல்ல கம்பி வாங்கின காசு எப்படிங்க செப்டம்பர்ல ஏறும்? அந்த ஷீட் ஒவ்வொரு நாளும் பழைய வரவை எல்லாம் புதுசா விலை போட்டுகிட்டே இருந்திருக்கு. திங்கக்கிழமை திறந்தா ஒரு மொத்தம், வெள்ளிக்கிழமை திறந்தா வேற மொத்தம். சின்னவர் அதைப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கார், பாவம்.

ஆக ஒரு ஷீட்ல ரேட் நகரவே இல்ல, இன்னொண்ணுல நகரக்கூடாத வரி எல்லாம் நகர்ந்துது. நோய் ஒண்ணு தான், ரேட் இருக்கு, அதுக்குத் தேதி இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஷீட்டை மாத்தினேன். ஒவ்வொரு வரியிலும் அந்தந்தத் தேதிக்கு ரேட்:

```
=INDEX(GOOGLEFINANCE("CURRENCY:MYRINR","price",DATE(2024,9,6)),2,2)
```

தேதி கொடுத்துக் கேட்டா GOOGLEFINANCE ஒரே நம்பரைத் தராது, ஒரு குட்டி அட்டவணையா தரும். மேல வரிசையில Date, Close-ன்னு தலைப்பு, கீழ வரிசையில தேதியும் ரேட்டும். அதுல ரெண்டாவது வரி ரெண்டாவது கட்டம் தான் நமக்கு வேணும், அதுக்குத் தான் அந்த INDEX, 2, 2. இதைத் தெரியாம நேரா அடிச்சுட்டு, பக்கத்து செல்லுல எல்லாம் கொட்டுதேன்னு பயந்தவங்க உண்டு (நானும் தான், ஹிஹி). அந்தப் பக்கத்து செல்லுல ஏற்கனவே ஏதாவது எழுதியிருந்தா அதுக்கும் ஒரு எர்ரர் வரும்.

DATE(2024,9,6)-னு ஏன் நீட்டி எழுதியிருக்கேன்னா, "6/9/2024"-ன்னு எழுதினா ஷீட்டோட செட்டிங்ல அமெரிக்கான்னு இருந்தா அது ஜூன் 9. எர்ரர் வராது, மூணு மாசம் பழைய ரேட் வரும். ஷீட்டை உருவாக்கினவர் செட்டிங் என்னவோ அது தான் எல்லாருக்கும். இந்தியாவுல உக்காந்து திறந்தாலும் மாறாது. ஒரு தடவை File, Settings போய் Locale-ல என்ன இருக்குன்னு பாத்துடுங்க.

இதுலயும் இன்னிக்குத் தேதிய போட்டா பெரும்பாலும் #N/A தான் வரும். நாள் இன்னும் முடியல, முடிவு ரேட் எப்படி இருக்கும்? அங்க தான் நம்ம ஆளுங்க மறுபடி IFERROR-ஐத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. வேணாம் சாமி. நாளைக்குத் திறங்க, வந்துடும். தேதிய நாம கொடுக்கறதை அது UTC மதியம் 12 மணின்னு எடுத்துக்கும்னு அவங்களோட உதவிப் பக்கத்துலயே எழுதியிருக்கு, நமக்கு அது சாயங்காலம் அஞ்சரை. அதனால ஒரு நாள் முன்ன பின்ன வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. அட்டவணையில Date கட்டம் சும்மா இல்ல, எந்த நாள் ரேட் வந்திருக்குன்னு அதைப் பாத்து உறுதி பண்ணிக்கலாம்.

ரேட் வந்ததும் அடுத்த வேலை, அந்த செல்லைக் காப்பி பண்ணி அதே இடத்துல Ctrl+Shift+V. ஃபார்முலா போய் வெறும் நம்பர் நிக்கும். முடிஞ்சு போன பரிவர்த்தனைக்கு உயிருள்ள ஃபார்முலா எதுக்கு? இன்னொரு காரணமும் இருக்கு. தேதி போட்டு வாங்கின பழைய ரேட் எல்லாம், ஷீட்டை டவுன்லோட் பண்ணினா #N/A-ன்னு தான் வரும், அப்படின்னு உதவிப் பக்கத்துலயே இருக்கு. ஸ்கிரிப்ட் எழுதி எடுத்தாலும் அதே கதி. அதுக்கு அவங்க மேல கோபப்படறவங்க இருக்காங்க. எனக்கு இல்ல. பெரிய அண்ணன் ஃபைல்ல அன்னிக்கு 17.5834-க்கு பதிலா #N/A வந்திருந்தா ஏப்ரல்லயே எனக்கு போன் வந்திருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "Settings-ல Calculation-ன்னு ஒண்ணு இருக்கு, அதுல On change and every minute-ன்னு மாத்திடு, ரேட் நிமிஷத்துக்கு நிமிஷம் வரும்"ன்னு சொல்றவங்க. வராது மக்கா. அந்த செட்டிங் NOW, TODAY, RAND மாதிரி ஃபங்ஷனுக்கு. GOOGLEFINANCE தன் போக்குல தான் வரும், 20 நிமிஷம் வரைக்கும் தாமதமாகலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. போன்ல நெட்டு இல்லாம திறந்தா கடைசியா என்ன இருந்துதோ அதைத்தான் காட்டும். பக்கத்துல NOW() போட்டு "பாருங்க, மணி மாறுது, ரேட்டும் புதுசு தான்"னு நம்பறது, ஓடற கடிகாரத்தைப் பாத்து ரயில் வந்துடுச்சுன்னு நம்பற மாதிரி.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பழைய ரேட்டும் எர்ரரும். எர்ரரே இல்லாம, பழசும் இல்லாம, சுத்தமா தப்பான ரேட் வந்தா? சிரிக்காதீங்க, நடந்திருக்கு. அதுவும் இதே ரிங்கிட்டுக்கு, நான் இந்த ஷீட்டைப் போடறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. 2024 மார்ச் 15ஆம் தேதி கூகுள் தேடல்ல ஒரு டாலருக்கு 4.98 ரிங்கிட்னு காட்டிச்சு. சந்தையில அன்னிக்கு 4.70 பக்கம் தான். மலேசியாவே கொந்தளிச்சு, அவங்க மத்திய வங்கி பாங்க் நெகாரா அந்த நம்பர் தப்புன்னு அறிக்கை விட வேண்டியதாச்சு. அதே வருஷம் ஜனவரி 1 அன்னிக்கு போலந்து காசு ஸ்லோட்டி ஒரே ராத்திரியில படுத்துட்ட மாதிரி காட்டி, அவங்க நிதியமைச்சரே வந்து பதட்டப்படாதீங்கன்னு சொன்னார். டிசம்பர் 25, பிரேசில்ல கிறிஸ்துமஸ் விடுமுறை, சந்தையே மூடியிருக்கு, டாலர் 6.38 ரியால்னு காட்டிச்சு. முந்தின முடிவு ரேட் 6.20-க்குக் கீழ. அரசாங்க வக்கீல் அலுவலகம் வரைக்கும் போச்சு அந்த விவகாரம்.

அது தேடல் பக்கம், நம்மளது ஷீட். அதுல வந்த தப்பு அப்படியே இதுலயும் வந்துதுன்னு நான் சொல்லல. ஆனா ரெண்டுமே வேற யார்கிட்டயோ வாங்கி நமக்குக் காட்டற நம்பர், ரெண்டுலயும் பொறுப்பு எங்களுது இல்லைன்னு எழுதியே வச்சிருக்காங்க. இந்த மாதிரி தப்புக்கு IFERROR எந்த வேலையும் செய்யாது, ஏன்னா எர்ரரே இல்லையே! அதனால நான் இப்ப பண்றது இது. G1-ல நானே கடைசியா சரி பாத்துக் கையால அடிச்ச ரேட். H1-ல:

```
=IF(ABS(F1/G1-1)>0.03,"சந்தேகம்",F1)
```

ரெண்டுக்கும் மூணு சதவீதத்துக்கு மேல இடிச்சா நம்பரைக் காட்டாது. 4.70-க்கு பதிலா 4.98-ங்கறது அஞ்சு சதவீதத்துக்கு மேல இடிக்கும், மாட்டிக்கும். F1-ல #N/A வந்தா H1-லயும் #N/A தான் வரும், அதை நான் தடுக்கல, தடுக்கவும் கூடாது. இதுல ஒரு தொல்லை இருக்கு, ஒத்துக்கறேன். G1-ஐ வாரத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்கணும். இல்லாட்டி ரிங்கிட் மாதிரி ஆறு மாசத்துல பதினஞ்சு சதவீதம் நகர்ற காசுக்கு, நல்ல ரேட்டையும் சந்தேகம்னு சொல்லும். சொல்லட்டும். வாரம் ஒரு தடவை மனுஷன் பாக்கலைன்னா அந்த ஷீட்டை நம்பிக் காசு பேசக்கூடாது.

இப்ப பாக்கி இருக்கற கேள்வி. எந்த நம்பர் சரி?

தேதி வாரியா ரேட் போட்டுக் கூட்டினேன். மொத்தம் 4,35,000 ரூபா பக்கம் வந்துது. பெரியவர் கொடுத்ததும் 4,35,000. அப்பாடா, ரெண்டு பேரும் சமம், நாம ஜெயிச்சோம்னு அடுத்த நாள் காலையில ஷீட்டைத் தூக்கிட்டுப் பெரியம்மாகிட்ட போனேன். அவங்க ஷீட்டைப் பாக்கவே இல்ல. பீரோவுல இருந்து பாஸ்புக்கை எடுத்து முன்னாடி வச்சாங்க. "இதுல போட்டிருக்கறதக் கூட்டுடா."

ஏப்ரல் 69,600. மே 69,800. ஜூன் 70,400. ஜூலை 70,200. ஆகஸ்ட் 74,000. செப்டம்பர் 76,800. கூட்டினா 4,30,800.

சந்தை ரேட்டுங்கறது யாருக்கும் கையில கிடைக்கற ரேட் இல்லைங்க. பணம் அனுப்பற கம்பெனி வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல தன் பங்கை எடுத்துக்கும். ரிங்கிட்டுக்கு பதினஞ்சு இருபது காசு, பாக்க ஒண்ணுமே இல்ல, ஆறு மாசத்துல நாலாயிரம் ரூபாய்க்கு மேல. GOOGLEFINANCE-க்கு இது தெரியவே தெரியாது. அது எந்தக் கோளாறும் இல்லாம, எர்ரரும் இல்லாம, சரியான தேதிக்குச் சரியான சந்தை ரேட்டைக் கொடுத்தாலும், வீட்டுக்கு வந்த காசை அது சொல்லாது. நடந்து முடிஞ்சதுக்கு ரசீதும் பாஸ்புக்கும் தான் ரேட். விழுந்த ரூபாயை அனுப்பின ரிங்கிட்டால வகுங்க, அது தான் உங்க ரேட். செப்டம்பருக்கு 76,800-ஐ 4,000-ஆல வகுத்தா 19.20. இதுக்கு நெட்டும் வேணாம், ஃபங்ஷனும் வேணாம். பத்து நிமிஷத்துல கெத்தா ஷீட் போட்ட இன்ஜினியருக்கு இது தோணல, எட்டாவது படிச்ச பெரியம்மாவுக்குத் தோணிச்சு.

இப்ப அந்த ஷீட்ல F1 இருக்கு, ஆனா அது அடுத்த மாசம் எவ்வளவு அனுப்பணும்னு குத்துமதிப்பா பாக்க மட்டும். அது மேல "இது கணக்கு இல்லை"ன்னு செவப்பு எழுத்துல எழுதி வச்சிருக்கேன். வரவு வரிகள்ல ஃபார்முலாவே கிடையாது. அனுப்பின தேதி, ரிங்கிட், விழுந்த ரூபா, மூணும் கையால அடிச்சது.

அன்னிக்கு சாயங்காலம் பெரியவர் கடலூருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி வீடியோ போட்டோம். 63,115-ல ஆரம்பிச்ச சண்டை 4,200-ல வந்து நின்னுது. பாஸ்புக்படி சின்னவர் அவ்வளவு தான் குறைவு. ஆனா சின்னவர் விடல. "நான் சம்பாதிச்சு அனுப்பினது 4,35,000-க்கு உண்டான ரிங்கிட். நடுவுல கம்பெனிக்காரன் எடுத்ததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"ன்னார். நியாயமான கேள்வி தான், எந்த செல்லுலயும் இதுக்கு ஃபார்முலா இல்ல. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "சரி விடுடா, ஆளுக்குப் பாதி. 2,100 அடுத்த மாசம் சேத்து அனுப்பு"ன்னுட்டு செருப்பை மாட்டிகிட்டுக் கிளம்பிட்டார். பி.முட்லூர் தாண்டறப்போ எனக்கு ஒரு மெசேஜ் வந்துது. "தம்பி, என் போன்ல இருக்கற அந்த எக்செல்லை எப்படிடா அழிக்கறது?"